நவசந்திக் கவுத்துவம்: ஆடல் வழிபாடாகும் இடமும் முறையும்

முன்னுரை

கோயில் ஆடலைப் பற்றிய எழுத்துகளில் ‘ஆடலே வழிபாடு’ என்னும் தொடர் பெரிதும் பயின்று வருகின்றது. ஆயினும் அவ்வாடல் எவ்வகையில் வழிபாடாகின்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஆடுவாரின் உள்ளத்தில் பத்தி இருத்தலால் ஆடல் வழிபாடாகின்றதா? பாடலின் பொருள் இறைவனைப் பற்றியதாக இருத்தலாலா? அன்றி, ஆடப்படும் இடமும் காலமும் தாளமும் கையும் ஒரு விதிக்குள் நிற்றலாலா? இம்மூன்றனுள் எதை அடிப்படையாகக் கொள்கிறோமோ அதற்கேற்ப நம் திறனாய்வும் மாறுபடும். உள்ளத்தை அடிப்படையாகக் கொண்டால் அரங்கில் ஆடப்படும் ஆடலுக்கும் கோயிலில் ஆடப்பட்ட ஆடலுக்கும் வேறுபாடு இல்லை. விதியை அடிப்படையாகக் கொண்டால் அவ்விரண்டும் வேறுவேறு தொழில்கள் ஆகின்றன.

இவ்வினாவைப் பொதுநிலையில் ஆராய்வதினும் ஒரு குறிப்பிட்ட ஆடலை எடுத்துக்கொண்டு ஆராய்தல் பயன் தரும். சிவாலயப் பெருவிழாவின் தொடக்கத்தில் ஒன்பது திசைத் தெய்வங்களை அழைத்து நிகழும் நவசந்தி வழிபாடும், அதற்கென அமைந்த நவசந்திக் கவுத்துவங்களும் இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாக அமைகின்றன. ஆடலின் கைகளைப் பற்றிச் சிலப்பதிகார உரைமரபு வகுத்துள்ள பாகுபாடு இதற்கு ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகின்றது.

சந்தியும் அதன் ஒழுங்கும்

பெருவிழாவுக்குக் கொடியேற்றும் நாளில், கொடியேற்றத்தைத் தொடர்ந்து பேரி தாடனம் நிகழும். பேரிகையைப் பூசித்து, ஆசாரியர் முதலில் அதனை ஒலிப்பித்துத் தேவர்களை விழாவுக்கு அழைத்தல் இதன் நோக்கம். அதன்பின் அத்திரதேவருடன் பலியன்னம் கொண்டு சந்திகள்தோறும் செல்லுவர். கொடிமரத்தை அடுத்த இடம் நடுவாகக் கொள்ளப்பட்டு அங்குப் பிரமன் அழைக்கப்படுவான். பின்னர்க் கிழக்கில் இந்திரன், தென்கிழக்கில் அக்கினி, தெற்கில் யமன், தென்மேற்கில் நிருதி, மேற்கில் வருணன், வடமேற்கில் வாயு, வடக்கில் குபேரன், வடகிழக்கில் ஈசானன் என வலமாகச் சென்று ஒன்பது சந்திகளும் நிறைவுறும்.

ஒவ்வொரு சந்தியிலும் அத்தெய்வத்துக்குரிய மந்திரம், பலி, தாளம், பண், நிருத்தம், கை ஆகியன தனித்தனியே விதிக்கப்பட்டுள்ளன. பிரமனுக்குப் பிரம தாளம், இந்திரனுக்குச் சம தாளம் என்றவாறு தாளங்கள் அமையும். பண்களும் அவ்வாறே திசைதோறும் வேறுபடும். இவ்வரிசைகளில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. ஆயினும் ஒரு திசைக்கு உரியது மற்றொரு திசைக்கு ஆகாது என்னும் அடிப்படை எல்லா மரபிலும் ஒன்றே. யமனுக்குரிய தாளத்தை வருணன் சந்தியில் ஒலித்தல் இசைப்பிழை மட்டுமன்று. அஃது ஒருவரை மற்றொருவர் பெயரால் அழைத்தது போன்ற வழிபாட்டுப் பிழையாகும். தாளம் இங்கு ஆடலைத் தாங்கும் அளவுகோலாக மட்டும் நில்லாமல் அத்தெய்வத்தின் பெயராகவும் நிற்கின்றது.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகின்றது. மந்திரம் சொல்லால் அழைப்பதையும், பண் இசையால் அழைப்பதையும், தாளம் காலத்தால் அழைப்பதையும், ஆடல் உடலால் அழைப்பதையும் ஆகமம் நிகரான செயல்களாக வைத்துள்ளது. ஆடல் மந்திரத்துக்கு அணியாகச் சேர்க்கப்பட்டதன்று. மந்திரத்துக்குரிய இடம் எதுவோ அதுவே ஆடலுக்கும் உரியது.

கவுத்துவத்தின் யாப்பு

சந்திகளில் ஆடுவதற்கு அமைந்த உருப்படி கவுத்துவம் எனப்படும். விநாயகர், முருகன், சம்பந்தர், நடராசர், சண்டிகேசுவரர் ஆகியோர் மீதமைந்த பஞ்சமூர்த்திக் கவுத்துவங்களும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. தஞ்சை நட்டுவ மரபு இவற்றைக் காத்து வந்துள்ளது. தஞ்சை நால்வர் வழிவந்த கே. பி. கிட்டப்பா பிள்ளை (1913–1999) நவசந்திக் கவுத்துவங்களை மீண்டும் ஆடற்பயிற்சிக்கும் ஆய்வுக்கும் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர்.

கவுத்துவத்தின் யாப்பில் இருவகை ஒலிகள் விரவி வருகின்றன. ஒன்று த, தி, தொம், நம் முதலான முழவொலிகளால் அமைந்த சொற்கட்டு. மற்றொன்று தெய்வத்தின் பெயர், நிறம், ஊர்தி, படைக்கலம் ஆகியவற்றைக் கூறும் சாகித்தியம். பதத்திலும் வர்ணத்திலும் சாகித்தியம் பண்ணில் பாடப்படும். சொற்கட்டு தனியே நிற்கும். கவுத்துவத்திலோ நட்டுவனார் இரண்டையும் ஒரே நடையில், தாளத்தைப் பற்றிக்கொண்டு, சொல்லாக ஓதிச் செல்லுவார். பொருளுடைய சொல்லும் பொருளில்லாத சொற்கட்டும் ஒரே குரலில், ஒரே விரைவில் மாறிமாறி வருதலே இவ்வுருப்படியின் தனித்தன்மை எனலாம்.

இவ்வமைப்பால் நேரும் விளைவு கருதத்தக்கது. தொடக்கத்தில் சொற்கட்டைக் கேட்போர் அதனை முழவின் ஒலியாகவே கொள்வர். இடையில் தெய்வத்தின் பெயர் வந்து மீண்டும் சொற்கட்டு வருங்கால், முன்னர் ஒலியாக மட்டும் கேட்ட எழுத்துகள் இப்போது அப்பெயரைத் தொடர்ந்து சொல்வனபோல் கேட்கின்றன. மறுதலையாக, தெய்வத்தின் பெயரும் தாளத்துக்குள் அகப்பட்டு, பொருளுக்காக அன்றி ஒலிக்காகவே ஒலிக்கின்றது. மந்திரத்தில் பொருளறியப்படும் சொற்களும் பொருள் கூறவியலாத வித்தெழுத்துகளும் அடுத்தடுத்து நிற்பதை ஒப்பிட்டால், கவுத்துவ யாப்பு எங்கிருந்து தன் ஆற்றலைப் பெறுகின்றது என்பது விளங்கும். தாளமே வழிபாடாதல் என்பது இதுவே: சொல்லின் பொருளைத் தாளம் சுமப்பதன்று, சொல்லும் தாளமும் ஒன்றன் தொழிலை மற்றொன்று செய்தல்.

இன்னுமொரு கூறும் இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. நவசந்திக் கவுத்துவப் பாடங்கள் தெய்வத்தை மட்டும் கூறி அமைவதில்லை. அத்தெய்வத்துக்கு உரிய பண், தாளம், கை, நிருத்தம் ஆகியவற்றையும் பாடலுக்குள்ளேயே கூறிச் செல்கின்றன. அதாவது, ஆடுவார் எதை ஆட வேண்டும் என்னும் விதியே ஆடப்படும் பாட்டாகவும் ஆகிவிடுகின்றது. இலக்கியச் சுவை நாடிப் படிப்போர்க்கு இது வறட்சியாகத் தோன்றக்கூடும். ஆனால் வழிபாட்டு நோக்கில் இதன் பொருள் வேறு. ‘இன்ன தாளத்தால் உன்னை அழைக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே அத்தாளத்தால் அழைத்தலின், சொல்லும் செயலும் இங்கு ஒன்றாகின்றன. நூலின்றியும் விதி பிழையாது அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழியும் இதனாலேயே அமைகின்றது.

எழிற்கை, தொழிற்கை, பொருட்கை

சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் ஆடற்கைகள் எழிற்கை, தொழிற்கை, பொருட்கை என மூவகையாகக் கூறப்படுகின்றன. அழகு தோன்றக் காட்டுவது எழிற்கை. தொழில் தோன்றக் காட்டுவது தொழிற்கை. பொருள் தோன்றக் காட்டுவது பொருட்கை. பிற்கால ஆடல் நூல்களைக் கற்றோர் இதனை நிருத்தம், அபிநயம் என்னும் இருபாற் பகுப்போடு இயைத்து, எழிற்கையை நிருத்தத்துக்கும் ஏனைய இரண்டையும் அபிநயத்துக்கும் உரியனவாக்கி அமைவர். அவ்வாறு அமையின் தொழிற்கைக்கெனத் தனியிடம் இல்லாமற் போகின்றது. உரையாசிரியர் மூன்றாகப் பகுத்ததன் பயன் கோயில் ஆடலை நோக்குங்கால்தான் முழுமையாகத் தெரிகின்றது.

யமன் சந்தியை எடுத்துக்கொள்வோம். தென்திசைச் சந்தியை நோக்கி ஆடுவார் நிற்கின்றார். முதற்கண் சொற்கட்டு ஒலிக்க அடவுகள் நிகழ்கின்றன. இங்குக் கைகள் உடலின் கோடுகளை நிறைவு செய்கின்றன, இவை எழிற்கை. அடுத்துத் தெய்வத்தின் பெயரும் கோலமும் கூறப்படுகின்றன. அபிநய தர்ப்பண மரபில் யமனுக்கு இடக்கையில் பாசமும் வலக்கையில் சூசியும் கூறப்பட்டுள்ளன. இடக்கை விரல் கயிறாக வளைகின்றது. வலக்கைச் சுட்டுவிரல் நீளுகின்றது. உயிரைக் கட்டும் கயிறும், காலம் முடிந்தாரைச் சுட்டும் விரலும் இவ்விரண்டால் குறிக்கப்படுகின்றன எனக் கொண்டால் இவை பொருட்கை.

ஆனால் இவ்விளக்கம் அரங்கத்துக்கே முற்றும் பொருந்தும். அரங்கில் காண்போர் எதிரே இருக்கின்றனர், யமன் அங்கில்லை. இல்லாத யமனைக் காண்போர்க்கு அறிவித்தலே கையின் வேலை. சந்தியிலோ காண்போர்க்கு எதிரே ஆடல் நிகழவில்லை. ஆடுவார் நோக்கி நிற்பது யமனுக்குரிய இடத்தை. தன் அடையாளத்தை யமனுக்கு அறிவிக்க வேண்டுவதில்லை. எனவே அக்கை யாருக்கும் பொருள் உணர்த்தவில்லை. அது மந்திரத்தில் பெயர் சொல்லி விளித்தல் போல அத்தெய்வத்தை அவ்விடத்தில் நிறுத்துகின்றது. பொருட்கையின் வடிவம் மாறவில்லை. விரல் ஒன்றும் வேறுபடவில்லை. ஆயினும் அது செய்யும் வேலை மாறிவிட்டது. பொருட்கை தொழிற்கையாகிவிட்டது. இறுதியில் தீர்மானம் முடிந்து கைகள் அஞ்சலியாகக் குவியுங்கால் இம்மாற்றம் நிறைவுறுகின்றது. அஞ்சலி ‘வணங்குதல்’ என்னும் பொருளைக் காட்டும் கையன்று; அதுவே வணக்கம்.

பிரமன் சந்தியிலும் இதனைக் காணலாம். இடக்கை சதுரமாகவும் வலக்கை அம்சாசியமாகவும் அமைவது பிரமனுக்குரிய கை. அம்சாசியத்தைப் பூத்தொடுத்தலுக்கும், உபதேசத்துக்கும், முத்தைப் பற்றுதலுக்கும் ஆடலில் வழங்குவதுண்டு. அரங்கில் இவற்றுள் எப்பொருள் கொள்ள வேண்டும் என்பதைப் பாடலே வரையறுக்கும். சந்தியில் அதனை வரையறுப்பது நின்றாடும் இடம். கொடிமரத்தை அடுத்த நடுவிடத்தில், பிரம தாளம் ஒலிக்க, அவ்விரு கைகளும் ஒருசேர நிற்பின் அவை பிரமனே அன்றிப் பிறிதில்லை. சொல்லோடு கையும் இடமும் சேர்ந்தே பொருள் முடிகின்றது. இவற்றுள் ஒன்றை நீக்கினால் ஏனையவை தம் உறுதியை இழக்கின்றன.

அன்பின் வழிபாடும் ஒழுங்கின் வழிபாடும்

ஆடல் வழிபாட்டைப் பற்றி இன்று எழுதுவோர் பெரும்பாலும் நாயகன் நாயகி பாவத்தையே முன்னிறுத்துவர். பிரிந்த தலைவியாகத் தன்னைக் கருதி இறைவனை நாடும் பதங்களும் வர்ணங்களும் அதற்குச் சான்றாகக் காட்டப்படும். தஞ்சை பாலசரசுவதி (1918–1984) 1975இல் தமிழிசைச் சங்கத்தில் நிகழ்த்திய தலைமையுரையில் கச்சேரி முறையைக் கோயில் அமைப்போடு ஒப்பிட்டார். அலாரிப்பைக் கோபுரமாகவும், சதிசுரத்தையும் சப்தத்தையும் மண்டபங்களாகவும், வர்ணத்தை இறைவன் திருமுன்னாகவும், அதன் பின் வரும் பதங்களை அமைதியாக இறைவனை நெருங்குதலாகவும் அவர் கண்டார். மார்க்கத்தின் உள்ளொழுங்கைக் காட்டிய ஆழமான கருத்து இது. கற்போர் பலரும் இதனை வழிமொழிவதில் வியப்பில்லை.

ஆயினும் இவ்வுருவகத்தைக் கோயிலில் நிகழ்ந்த ஆடலின் வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. பாலசரசுவதியின் உருவகத்தில் ஆடல் வெளியிலிருந்து உள்ளே செல்கின்றது; கோபுரத்தில் தொடங்கிக் கருவறையில் முடிகின்றது. நவசந்தி ஆடலோ நடுவில் தொடங்கி விளிம்புக்குச் செல்கின்றது. பிரமனிடமிருந்து புறப்பட்டு எட்டுத் திசைகளையும் சுற்றி எல்லையை வரைகின்றது. முன்னதன் நோக்கம் ஓர் உயிர் இறைவனை அடைதல். பின்னதன் நோக்கம் விழா நடக்கும் ஊருக்கும் கோயிலுக்கும் காவலரை நிறுத்துதல். முன்னதில் ஆடுவார் தமக்காக வேண்டுகின்றார். பின்னதில் ஊருக்காக வேண்டுகின்றார்.

எனவேதான் சந்தி ஆடலில் காதலுக்கு இடமில்லை. யமனையும் நிருதியையும் யாரும் தலைவராகக் கருதி ஏங்குவதில்லை. அவர்களை அஞ்சி, மதித்து, உரிய இடத்தில் உரிய பலியோடு அமர்த்துகின்றனர். இதனைப் பத்திக்குக் கீழ்ப்பட்டதென மதிப்பிடுவது, வழிபாடு என்பதை ஒரே உணர்ச்சியாகச் சுருக்குவதாகும். திருத்தணிக் கோயில் மரபை ஆராய்ந்த சாசுகியா கெர்சன்பூம் தம் ‘நித்யசுமங்கலி’ (1987) நூலில், கோயில் மகளிரின் பணிகளுள் கும்பாரத்தி முதலியவற்றால் தீங்கு நீக்குதலை நடுவிடத்தில் வைத்துக் காட்டியது இக்கருத்தை வலியுறுத்துகின்றது.

இந்நோக்கு தமிழ் மரபுக்குப் புதியதன்று. சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் பிழைகுறிகள் தோன்றுகின்றன. குடப்பால் உறையவில்லை, ஏற்றின் கண்களில் நீர் சொரிகின்றது, உறிவெண்ணெய் உருகவில்லை, ஆட்டுக்குட்டிகள் துள்ளவில்லை, ஆனிரையின் மணிகள் அற்று வீழ்கின்றன. வரவிருக்கும் தீங்கை உணர்ந்த மாதரி, கறவையும் கன்றும் துயர் நீங்குக எனக் குரவை ஆடத் துணிகின்றாள். எழுவர் மகளிர்க்கு ஏழிசையின் பெயர்களை இட்டு உரிய இடங்களில் நிறுத்திய பின்னரே ஆடல் தொடங்குகின்றது. ஆளுக்கு ஓர் இடம், இடத்துக்கு ஓர் இசை என்னும் இவ்வொழுங்கும், திசைக்கு ஒரு தெய்வம், தெய்வத்துக்கு ஒரு தாளம் என்னும் நவசந்தி ஒழுங்கும் ஒரே சிந்தனையின் இரு வடிவங்கள் எனலாம். இரண்டுக்கும் இடையே நேரான வரலாற்றுத் தொடர்பு உண்டெனக் கூறுவது நம் நோக்கமன்று. ஆடலால் வேண்டுவோர், முதலில் இடங்களை ஒழுங்குபடுத்துகின்றனர் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

குரவை முடியுமுன்னரே கோவலன் கொலையுண்டான் என்பதையும் இளங்கோவடிகள் மறைக்கவில்லை. ஆடல் தீங்கைத் தடுக்கவில்லை. ஆயினும் குரவை பொய்த்தது எனக் காப்பியத்தில் யாரும் கூறவில்லை. ஆடல் வழிபாட்டின் மதிப்பு அதன் விளைவில் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய முறையில் செய்து முடித்தலில் உள்ளது என்னும் நுட்பம் அதனால் புலனாகின்றது.

தகுதியும் பங்கும்

வழிபாடு ஒழுங்கினால் அமைவதாயின், அவ்வொழுங்கைக் கற்றோரே அதனைச் செய்யவியலும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த (கி.பி. 1014) கல்வெட்டு இதற்குத் தக்க சான்று. பல கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களும், அவர்தம் முன்னைய கோயில்களும், அவர்களுக்குத் தரப்பட்ட வீடுகளும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவர்க்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஒரு வேலி நிலத்தின் விளைவாக ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்த 100 கலம் நெல். அவர்களுள் ஒருவர் இறந்தாலும் வேற்றூர் சென்றாலும் அவரை அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவ்வுறவினர்க்குத் தகுதி இல்லையாயின் தகுதியுடையாரை இட்டுப் பணி செய்விக்க வேண்டும்.

இவ்விதியில் உறவுரிமையும் உண்டு. ஆனால் பணிக்கு உறவு போதாது, தகுதி வேண்டும். கல்வெட்டு பத்தியை அளக்கவில்லை. பணிசெய்யும் திறனைக் கேட்கின்றது. வழிபாடு இங்கு உள்ளத்தின் நெகிழ்ச்சியால் மட்டும் அமையாது, கற்றுத் தேர்ந்த தொழிலாகவும் கருதப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இக்கல்வெட்டைக் கொண்டு நானூற்றுவரும் நாள்தோறும் ஆடினர் என முடிவு கட்டுதல் மிகையாகும். லெசுலி ஓர் (2000) சோழர்காலக் கல்வெட்டுகளில் வரும் கோயிற் பெண்டிரை முழுமையாக ஆராய்ந்து, அவர்கள் ஆடுவோராகக் குறிக்கப்படுதல் குறைவு என்பதையும், கொடையளித்தோராகப் பெரிதும் குறிக்கப்படுதலையும் எடுத்துக்காட்டினார். இக்கல்வெட்டில் நட்டுவம் செய்வோர்க்கும் பங்குகள் கூறப்பட்டிருத்தலின் தஞ்சையில் ஆடல் இருந்தமை தெளிவு. ஆனால் தளிச்சேரிப் பெண்டுகளின் பணி ஆடல் ஒன்றே என்பது பெறப்படவில்லை. தாவேசு சோனேசி (2012) பிற்காலத்தைப் பற்றி இதனை ஒத்த எச்சரிக்கையைத் தருகின்றார். இன்று பரதநாட்டியத்தில் பயிலும் உருப்படிகளுட் பெரும்பான்மையானவை அரண்மனையிலும் இல்லங்களிலும் வளர்ந்தவை. கோயிலுக்குள் நிகழ்ந்த ஆடல் அளவிற் சிறியது.

இவ்விரு ஆய்வுகளும் கோயில் ஆடலின் பெருமையைக் குறைக்கின்றன எனச் சிலர் கருதுவர். உண்மையில் இவை அதனைத் தெளிவாக்குகின்றன. பதமும் வர்ணமும் கோயிலில் ஆடப்பட்டன எனக் கொள்ளுங்கால், கோயிலில் உறுதியாக ஆடப்பட்ட கவுத்துவம் சிறிய முன்னுரைபோல் ஒதுக்கப்படுகின்றது. அவற்றை அவற்றுக்குரிய அவையில் வைத்துவிட்டால், சில நிமிடங்களில் முடியும் கவுத்துவமே கோயில் ஆடலின் நடுப்பொருளாக நம்முன் நிற்கின்றது.

ஒழிந்த இடம்

1929ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் கோயிற் பணிக்கென விடப்பட்ட இனாம் நிலங்கள் பணியினின்று விடுவிக்கப்பட்டு, அவற்றை அனுபவித்த மகளிர்க்கே உரியனவாயின. பங்கும் பணியும் பிரிந்தன. 1947ஆம் ஆண்டுச் சென்னை தேவதாசிகள் ஒப்படைப்புத் தடுப்புச் சட்டம் பெண்களைத் தெய்வத்துக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்ததோடு, கோயில் எல்லைக்குள்ளும் தெய்வ ஊர்வலங்களிலும் பெண்கள் ஆடுதலையும், கும்பாரத்தி உடன் நிகழினும் நிகழாவிடினும், சட்டத்துக்குப் புறம்பானதாக்கியது. இளம் பெண்கள் தம் விருப்பமின்றி ஒப்படைக்கப்பட்ட கொடுமையை நீக்குதற்கு அச்சட்டம் வேண்டியதாக இருந்தது. அதனை மறுத்து எழுதுவது வரலாற்றுக்கும் அப்பெண்டிர்க்கும் செய்யும் பிழையாகும். ஆயினும் ஒப்படைப்பு, ஆடல் என்னும் இரண்டும் ஒரே சட்டத்தால் ஒருங்கே நீக்கப்பட்டன என்பதும், அத்தொழிலைக் கற்றிருந்தோர்க்கு அதனைச் செய்யும் இடம் இல்லாமற் போயிற்று என்பதும் உண்மை.

வழிபாட்டின் அமைப்பில் அவ்விடம் இன்னும் அழியவில்லை என்பதுதான் கருதற்குரியது. பூசை நிறைவில் குடை, சாமரம், இசை முதலிய உபசாரங்களை முறையே கூறும்போது, நிருத்தம் காட்டுகிறேன் என்னும் பொருள்படும் வடமொழித் தொடரை அருச்சகர் இன்றும் சொல்லுகின்றார். சொல்லி, ஆடலுக்கு ஈடாக அட்சதையோ மலரோ இடுகின்றார். ஆடற்கென விதிக்கப்பட்ட கணம் பூசைதோறும் வருகின்றது, ஆடல் வருவதில்லை. ஓர் உபசாரம் இல்லாதபோது மனத்தால் கற்பித்து மலரிடுதல் ஏற்கப்பட்ட முறையே. ஆனால் ஈடு என்பது எதற்கு ஈடு என்பதை மறந்துவிடுமாயின் அது வெறும் சொல்லாகிவிடும்.

மறுபுறம், நவசந்திக் கவுத்துவங்கள் இன்று அரங்குகளில் ஆடப்படுகின்றன. சிதம்பரத்தில் 1981 முதல் நடைபெற்று வரும் நாட்டியாஞ்சலி, கோயிலோடு ஆடலை மீண்டும் இணைத்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. ஆயினும் மேடையேறுங்கால் கவுத்துவம் எவ்வெவ்விடத்தில் மாறுபடுகின்றது என்பதைத் திறனாய்வாளர் உற்றுநோக்க வேண்டும். முதலாவது திசை. ஒன்பது சந்திகளும் காண்போரை நோக்கியே ஆடப்படுமாயின் எட்டுத் திசைகளும் ஒரு திசையாகிவிடுகின்றன. யமனும் குபேரனும் ஒரே இடத்தில் நிற்பவராகின்றனர். இரண்டாவது தாளம். அருகிய தாளங்களுக்கு ஈடாகப் பழகிய தாளத்தைக் கொள்ளும்போது, தாளமே பெயராக நின்ற நிலை போய்விடுகின்றது. மூன்றாவது முடிவு. தீர்மானத்தின் இறுதியில் அஞ்சலிக்கு ஈடாக ஓர் அழகிய நிலை வைக்கப்படுமாயின், தொழிற்கையாகியிருந்தது மீண்டும் எழிற்கையாகிவிடுகின்றது, கைதட்டல் எழுகின்றது. இம்மூன்றையும் கொண்டு, தாம் காண்பது வழிபாட்டு ஆடலா, வழிபாட்டைப் பொருளாகக் கொண்ட அரங்க ஆடலா என்பதை எவரும் வேறுபடுத்தி அறியலாம். பின்னதும் நற்கலையே. ஆனால் அதனை முன்னதன் பெயரால் வழங்குதல் கூடாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கோயில் ஆடல் வழிபாடாவதற்கு ஆடுவாரின் உணர்ச்சியையோ பாடலின் பொருளையோ மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது என்பது விளங்கும். நவசந்திக் கவுத்துவத்தில் சொல்லும் சொற்கட்டும் ஒரே நடையில் ஓதப்பட்டு மந்திரத்தின் தன்மையைப் பெறுகின்றன. தாளம் தெய்வத்தின் பெயராகின்றது. காண்போர்க்குப் பொருள் உணர்த்தும் கை, காண்போரை விடுத்துத் தெய்வத்தின் இடத்தை நோக்குங்கால் தொழிற்கையாகின்றது. இவற்றைச் செய்தோர் அதற்கெனக் கற்றுத் தகுதி பெற்றோர்; அத்தகுதிக்கு நெல்லும் நிலமும் அளந்து தரப்பட்டன.

ஆடலே வழிபாடு எனப் போற்றுவோர் பலரும் அவ்வழிபாட்டைச் செய்தோரைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்தம் துயரைப் பேசுவோர் பலரும் அவர்கள் கற்றிருந்த தொழிலின் நுட்பத்தைப் பேசுவதில்லை. இவ்விரண்டையும் பிரித்து எழுதும்வரை கோயில் ஆடல் பற்றிய நம் ஆராய்ச்சி பாதியளவினதாகவே இருக்கும். ஏனைய கவுத்துவங்களையும், அவை வழங்கிய நட்டுவக் குடும்பங்களின் கையெழுத்துப் படிகளையும், சந்திதோறும் இன்று ஓதப்படும் பாடங்களோடு ஒப்புநோக்கிப் பதிப்பிப்பது தமிழாய்வாளர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். நிருத்தம் காட்டுகிறேன் என்னும் தொடர் ஒவ்வொரு பூசையிலும் இன்னும் ஒலிக்கின்றது. அத்தொடர் எந்த ஆடலைக் குறித்தது என்பதையேனும் நாம் தெளிவாக எழுதி வைத்தல் வேண்டும்.